யார் வீட்டு ரத்தம்? யார் வீட்டு உருண்டை?

இது அறிவியல் கட்டுரைதான். ஆனால் இதை எழுதத் தூண்டியது ஒரு குடும்பச் சண்டை. அதனால் சண்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அக்காவுக்கு ஜொகூர் பாருவில் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடனே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்யும் சோதனை அது. முடிவு வந்தது: குழந்தைக்கு ‘ஜி6பிடி’ குறைபாடு. ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். மஞ்சள் காமாலை அதிகமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்றையும் கையில் கொடுத்தார்கள்.

வீட்டில் அக்காவின் மாமியார் ஆசையோடு காத்திருந்தார். என் அத்தான் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகளையும் துணிகளையும் முப்பது வருடமாக ஓர் இரும்புப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பூச்சி அரிக்காமல் இருக்க இடையிடையே வெள்ளை உருண்டைகள். அந்தத் துணியில்தான் பேரனைச் சுற்றிப் படுக்க வைத்தார். மூன்றாம் நாள் குழந்தை வயிறு, கால் வரை மஞ்சளாகி, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. மறுபடியும் மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று: “வீட்டில் உபாட் கெகாட் வைத்திருக்கிறீர்களா?”

பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. மலாயில் ‘உபாட் கெகாட்’, ஆங்கிலத்தில் ‘நாப்தலின்’. அத்தைக்குத் தெரிந்த பெயரோ பூச்சி உருண்டை. ஒரே பொருள், மூன்று பெயர். எங்களில் யாரும் உட்கார்ந்து அந்தப் பட்டியலை அவருக்குத் தமிழில் சொல்லவில்லை.

நீல விளக்கின் கீழ் வைத்து, ரத்தமும் ஏற்றி, குழந்தையைக் காப்பாற்றினார்கள். இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் மருத்துவமனை நடைவழியில் இரண்டு சம்பந்திகளும் பேசிக்கொண்டது என் காதில் இன்னும் கேட்கிறது.

“எங்க வம்சத்துல இப்படி யாருக்கும் வந்ததே இல்ல. இது உங்க வீட்டு ரத்தம்.”

“ரத்தம் என்ன செஞ்சுச்சு? அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில நல்லாத்தானே இருந்தான்? உங்க வீட்டு உருண்டைதான் புள்ளய இப்படி ஆக்கிடுச்சு.”

ஒருவர் மரபணுவைக் குற்றஞ்சாட்டினார். மற்றவர் சூழலைக் குற்றஞ்சாட்டினார். பிறப்பா, வளர்ப்பா என்ற பழைய கேள்வியை அவர்கள் தங்களை அறியாமலே விவாதித்தார்கள். உயிரியல் படிக்கிறவன் என்பதால் என்னை நடுவராக்கினார்கள். யார் பக்கம் தீர்ப்புச் சொல்வது?

ஒரு சிவப்பணுவின் கதை

முதலில் அந்தக் குழந்தையின் உடலுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணு விசித்திரமானது. அதற்குள் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. பிறக்கும்போது கொண்டுவந்த நொதிகளை வைத்துக்கொண்டே ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து முடிக்க வேண்டும். தீர்ந்துபோன நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை.

அது சுமப்பதோ ஆக்சிசன். ஆக்சிசன் இருக்குமிடத்தில் அரிப்பும் இருக்கும், இரும்பு துருப்பிடிப்பதுபோல. அந்த அரிப்பிலிருந்து ஈமோகுளோபினைக் காக்கும் காவலாளி குளூட்டாதியோன் என்ற சிறு மூலக்கூறு. ஒருமுறை காவல் செய்தவுடன் இந்தக் காவலாளி களைத்துவிடும். அதற்கு மீண்டும் தெம்பூட்ட ‘என்ஏடிபிஎச்’ என்ற பொருள் வேண்டும். சிவப்பணுவுக்குள் அந்தப் பொருள் கிடைக்க ஒரே வழி, ஜி6பிடி என்ற நொதி குளுக்கோசிலிருந்து தொடங்கிவைக்கும் ஒரு வேதிப்பாதை. மற்ற உயிரணுக்களுக்கு மாற்று வழிகள் உண்டு. சிவப்பணுவுக்கு இல்லை.

என் மருமகனின் சிவப்பணுக்களில் இந்த நொதியின் வேலைத்திறன் குறைவு. ஆனாலும் சாதாரண நாளில் அது போதும். சிக்கல் வருவது அரிப்பு திடீரென்று பெருகும்போது. பூச்சி உருண்டையின் நாப்தலின் ஆவியாகி மூச்சிலும் தோலிலும் உடலுக்குள் போகிறது. உடல் அதை வேறு பொருள்களாக மாற்றுகிறது. அவற்றில் சில கடுமையான அரிப்பான்கள். காவலாளிகள் களைத்துப்போகிறார்கள், தெம்பூட்ட ஆளில்லை. ஈமோகுளோபின் சிதைந்து கட்டிகட்டியாகி அணுவின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அணு உடைகிறது, அல்லது மண்ணீரல் அதைப் பிடித்து அழிக்கிறது.

உடைந்த ஈமோகுளோபின் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாகிறது. பெரியவர்களின் கல்லீரல் அதைச் சமாளித்து வெளியேற்றிவிடும். பிறந்த குழந்தையின் கல்லீரல் இன்னும் பழகாதது. பிலிருபின் மிக அதிகமானால் மூளைக்குள் இறங்கிவிடும். அப்போது கேட்கும் திறன் போகலாம், கைகால் இயக்கம் நிரந்தரமாகக் கெடலாம், உயிரே போகலாம்.

இதே வீட்டில், இதே துணியில்தான் முப்பது வருடத்துக்கு முன் என் அத்தான் படுத்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதே மரபணுவோடுதான் என் மருமகன் மருத்துவமனையில் ஐந்து நாள் படுத்திருந்தான். அவனுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் ஆபத்து வந்தது.

எத்தனை விழுக்காடு?

“சரி, இரண்டுக்கும் பங்கு இருக்கட்டும். எதற்கு எத்தனை விழுக்காடு?” என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால் இதற்கு விடையே கிடையாது. ஏன் என்று காட்ட இரண்டு கற்பனைத் தோட்டங்களைச் சொல்கிறேன்.

முதல் தோட்டத்தில் 100 ஆண் குழந்தைகள். எல்லா வீட்டிலும் துணிப் பெட்டியில் பூச்சி உருண்டை உண்டு. 100 பேரில் 5 பேருக்கு ஜி6பிடி குறைபாடு. அந்த 5 பேருக்கும் ரத்தம் உடைகிறது. மற்ற 95 பேருக்கு இல்லை. இந்தத் தோட்டத்தை ஆராயும் மருத்துவர் என்ன எழுதுவார்? “நோய் வந்தவருக்கும் வராதவருக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் மரபணுவால். இது பரம்பரை நோய்.”

இரண்டாம் தோட்டத்திலும் 100 ஆண் குழந்தைகள். இங்கே எல்லாருக்குமே குறைபாடு உண்டு. ஆனால் 5 வீட்டில் மட்டும் பூச்சி உருண்டை. அந்த 5 வீட்டுக் குழந்தைகளுக்கு நோய் வருகிறது. இந்தத் தோட்டத்து மருத்துவர் எழுதுவார்: “வேறுபாடு முழுவதும் சூழலால். இது நச்சுப் பொருளால் வரும் நோய்.”

இரண்டு தோட்டத்திலும் நோயுற்றவர்கள் 5 பேர். உடலுக்குள் நடந்தது அணுவுக்கு அணு ஒன்றே. ஆனால் ஒரு கணக்கில் மரபணுவின் பங்கு நூற்றுக்கு நூறு; மற்றொன்றில் சுழியம். (நிஜ வாழ்க்கையில் குறைபாடு உள்ள எல்லாருக்கும் உருண்டை பட்டவுடன் நோய் வந்துவிடாது. எவ்வளவு பட்டது, நொதி எவ்வளவு மீதி இருக்கிறது என்பதும் உண்டு. கணக்குப் புரிவதற்காக எளிமையாக்கினேன்.)

ஆகவே ‘இத்தனை விழுக்காடு பரம்பரை’ என்று செய்தித்தாளில் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த எண், ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட சூழலில், மனிதர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றியது. ஒரு தனிமனிதனின் உடலில் எவ்வளவு மரபணு வேலை செய்தது, எவ்வளவு சூழல் வேலை செய்தது என்பதைப் பற்றியது அன்று. கூட்டம் மாறினால், சூழல் மாறினால் எண்ணும் மாறும். ஓர் ஓசைக்கு மத்தளம் எத்தனை விழுக்காடு, கை எத்தனை விழுக்காடு என்று கேட்பதுபோன்றது நம் கேள்வி.

தாத்தாவின் கறுப்பு நீர்

இந்தச் சண்டைக்கு நடுவே அம்மாவுக்கு ஒரு பழைய நினைவு வந்தது. தாத்தா குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஒருமுறை மலேரியாக் காய்ச்சலுக்கு மாத்திரை சாப்பிட்ட சில நாளில் அவருக்குச் சிறுநீர் கறுப்புத் தேநீர்போல் போனதாம். உடல் வெளிறி எழுந்திருக்க முடியாமல் கிடந்தாராம். ‘மருந்துச் சூடு’ என்று இளநீர் கொடுத்தார்களாம். பிறகு தானாகவே தேறிவிட்டார். அதன்பின் சாகும்வரை அவருக்கு ரத்தத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

அது எந்த மாத்திரை என்று இன்று உறுதி செய்ய முடியாது. ஆனால் இந்தக் குறைபாடு உலகுக்குத் தெரியவந்ததே ஒரு மலேரியா மாத்திரையால்தான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துச் சிறையொன்றில் கைதிகளுக்குப் பிரைமாகுவின் என்ற மருந்தைக் கொடுத்து ஆல்விங் என்பவரின் குழுவினர் ஆராய்ந்தார்கள். சிலருக்கு மட்டும் சிறுநீர் கறுத்து ரத்தம் குறைந்தது. குறை மருந்தை உடல் கையாளும் விதத்திலா, ரத்த அணுவிலேயா? 1950களில் அவர்கள் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். பாதிக்கப்படும் ஒருவரின் சிவப்பணுக்களைக் கதிரியக்கக் குறியிட்டுப் பாதிக்கப்படாத ஒருவரின் உடலில் செலுத்தி, பின்பு மருந்தைக் கொடுத்தார்கள். வந்தேறிய அணுக்கள் உடைந்தன. மாற்றிச் செய்தபோது, பாதிக்கப்படுபவரின் உடலுக்குள் புகுந்த நல்ல அணுக்கள் உடையவில்லை. ஆக, குறை அணுவுக்குள்தான். 1956இல் அந்தக் குறை ஜி6பிடி நொதியில் என்று கண்டுபிடித்தார்கள்.

இங்கே இன்னொரு திருப்பம். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இக்குறைபாடு உண்டு. மலேரியா நெடுங்காலம் இருந்த நிலப்பகுதிகளில்தான் இது அதிகம். மலேசியாவில் இந்தியரைவிடச் சீனரிடமும் மலாய்க்காரரிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் வாழ்வது. குறைபாடுள்ள அணு அதற்கு நல்ல வீடு இல்லை என்பதால் இந்த மரபணு உள்ளவர்கள் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பினார்கள் என்பது அறிவியலாளர்களின் விளக்கம். அப்படியானால் ‘எங்கள் வீட்டு ரத்தம்’ என்பதே கொசுவும் சதுப்பும் பல்லாயிரம் ஆண்டுகளில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. பரம்பரை என்று நாம் தனியே எடுத்து வைக்கும் பொருளுக்குள்ளேயே சூழல் ஒளிந்திருக்கிறது.

அக்காவின் கேள்வி

எல்லாரும் ஓய்ந்த பிறகு அக்கா மெதுவாகக் கேட்டாள்: “தம்பி, நான்தானே இத பிள்ளைக்குக் கொடுத்தேன்னு சொல்றாங்க. நானும் அதே துணிய மடியில வச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல?”

மேல்மரபியல், அதாவது எபிஜெனடிக்ஸ், உள்ளே வரும் இடம் இதுதான்.

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஓர் எக்ஸ். அது தாயிடமிருந்து வருவது. அதில் குறை இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். தாத்தாவிடம் இருந்த ஒரே எக்ஸ் அம்மாவுக்கு வந்திருக்கிறது. அம்மாவின் இரண்டில் ஒன்று அக்காவுக்கு வந்தது; அது குறையுள்ளது. எனக்கு வந்தது மற்றொன்று. அதனால்தான் எனக்குச் சோதனையில் குறை இல்லை. இதில் அக்கா செய்த தவறு எதுவுமில்லை. சீட்டுக் குலுக்கலில் விழுந்த சீட்டு அவ்வளவுதான்.

அக்காவிடம் ஒரு நல்ல எக்ஸும் ஒரு குறையுள்ள எக்ஸும் இருக்கின்றன. அப்படியானால் அவளது ஒவ்வொரு அணுவிலும் பாதி நொதி இருக்க வேண்டும் அல்லவா? 1961இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் வேறு விதமாகச் சொன்னார். பெண் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு உயிரணுவும் இரண்டு எக்ஸில் ஒன்றைப் பூட்டிவிடுகிறது. எதைப் பூட்டுவது என்பது குருட்டுவாக்கில் நடக்கிறது. ஒருமுறை பூட்டியதை அந்த அணுவின் வாரிசுகள் எல்லாம் அப்படியே பின்பற்றுகின்றன.

அடுத்த ஆண்டே, 1962இல், எர்னஸ்ட் பியூட்லர் என்பவர் இதை ஜி6பிடி கொண்டு சோதித்தார். எல்லா அணுக்களிலும் பாதி நொதி இருந்தால் எல்லாம் ஒரேமாதிரி நடக்க வேண்டும். லயன் சொன்னது சரியானால் அணுக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிய வேண்டும்: ஒன்றில் நொதி முழுமையாக, மற்றொன்றில் குறைவாக. அவர் கண்டது இரண்டு கூட்டங்களை. ஆக, அக்காவின் ரத்தத்தில் அத்தானைப் போன்ற அணுக்களும் இருக்கின்றன. மருமகனைப் போன்ற அணுக்களும் கலந்து ஓடுகின்றன. நல்ல கூட்டம் பெரிதாக இருப்பதால் அவள் தாங்கிக்கொண்டாள். வேறொரு பெண்ணுக்குப் பூட்டு எதிர்ப்பக்கம் அதிகம் விழுந்திருந்தால், ஆண்களைப் போலவே அவளும் பாதிக்கப்படலாம்.

கவனியுங்கள். அக்காவின் உருவாகும் ரத்த அணுக்கள் எல்லாவற்றிலும் ஒரே மரபணு எழுத்துத்தான். வேறுபாடு எழுத்தில் இல்லை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதில். டிஎன்ஏ இழையில் மெதில் என்ற சிறு வேதிக்குறிகள் ஒட்டுவதும், இழை இறுக்கமாகச் சுருட்டப்படுவதும்தான் அந்தப் பூட்டு. எழுத்தை மாற்றாமல் வாசிப்பை மாற்றும் இந்த ஏற்பாட்டைப் படிப்பதே மேல்மரபியல்.

அக்காவின் பூட்டை விழவைத்தது சூழலன்று, தற்செயல். ஆனால் சில இடங்களில் சூழலும் குறி வைக்கக்கூடும். 1944-45 குளிர்காலத்தில் போரினால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது தாய் வயிற்றில் உருவாகத் தொடங்கியவர்களின் ரத்தத்தை ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். 2008இல் வந்த முடிவு: வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவில், பஞ்சத்தில் கருவாகாத அவர்களுடைய உடன்பிறப்புகளைவிட மெதில் குறிகள் சிறிது குறைவு.

இதைக் கேட்டவுடன் ‘சூழல் மரபணுவை வென்றுவிட்டது’ என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. அதுவும் பழைய பிழையின் மறுபக்கம்தான். மெதில் குறியை ஒட்டும் நொதியே ஒரு மரபணு செய்து கொடுத்தது. அது ஒட்டும் இடமும் மரபணு எழுத்துத்தான். அந்த வேறுபாடும் சிறியது, ரத்தத்தில் பார்த்தது. பிற்கால நோய்க்கு அதுதான் காரணம் என்றோ, பேரப்பிள்ளைகளுக்கும் போகும் என்றோ அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

தீர்ப்பு

‘பரம்பரை’ என்றால் மாற்ற முடியாது என்று நினைக்கிறோம். நம் கண்ணெதிரே, ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த கதை வேறு. சிங்கப்பூரில் 1950களிலும் 60களிலும் கடும் மஞ்சள் காமாலையால் மூளை பாதித்து இறந்த குழந்தைகள் பலர். மருத்துவர் வோங் ஹோக் பூன் அதை ஆராய்ந்தார். 1965 முதல் அங்கே தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்து, குறைபாடுள்ள குழந்தைகளைப் பூச்சி உருண்டையும் நாட்டு மருந்தும் அண்டாமல் இரண்டு மூன்று வாரம் மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தார்கள். அந்த மரணங்கள் பெரிதும் மறைந்தன. ஒரு குழந்தையின் மரபணுவும் மாறவில்லை.

நாம் வீட்டில் செய்யக்கூடியதும் இதுதான். இக்குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் நாப்தலின் உருண்டை இருக்கவே கூடாது. துணியைத் துவைத்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்று நம்பவும் கூடாது. பாலூட்டும் தாயும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தோ மூலிகையோ சாப்பிடக் கூடாது. மஞ்சள் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கினால், பால் குடிக்காமல் துவண்டால், சிறுநீர் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: ரத்தம் உடைந்த சில நாளில் எடுக்கும் சோதனை ‘குறை இல்லை’ என்று பொய் சொல்லலாம். குறைந்த நொதியுள்ள கிழட்டு அணுக்கள் உடைந்துபோய், இளம் அணுக்களே மிஞ்சியிருக்கும். இளம் அணுவில் நொதி சற்று அதிகம். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அக்காவைப் போன்ற பெண்களின் குறையும் எளிய சோதனையில் தப்பிவிடும்.

நடுவர் தீர்ப்பு என்ன என்கிறீர்களா? “ரத்தம் நம்ம வீட்டுது, உருண்டை அவங்க வீட்டுது. ரெண்டையும் பெருக்கினாத்தான் விடை வரும், கூட்டிப் பிரிக்க முடியாது. ஒண்ணு சுழியமா இருந்திருந்தா விடையும் சுழியந்தான்” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்து, உருண்டைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். பிறகு என்னிடம் அந்தப் பட்டியலை நீட்டி, “இதுல இருக்கிற எல்லாத்தையும் தமிழ்ல எழுதிக் குடுப்பா” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். இப்போது அது அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. முதல் வரி: பூச்சி உருண்டை.